கையெழுத்து விடைத்தாள், ஓசிஆர் பிழை, ஏஐ டிடெக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் கண்ணெதிரே உட்கார்ந்து கையால் எழுதிய விடை. ஸ்கேன் செய்து டிடெக்டரில் போட்டால் ‘ஏஐ எழுதியது’ என்கிறது. இது எப்படி?

டிடெக்டர் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. ஓசிஆர் மென்பொருள் தாளைப் படித்து எழுதிக் கொடுத்த பிரதியைத்தான் பார்த்தது. அந்தப் பிரதியில் மாணவர் எழுதியது எவ்வளவு, ஓசிஆர் தானாக ஊகித்துப் போட்டது எவ்வளவு என்று டிடெக்டருக்குத் தெரிய வழியே இல்லை. மொத்தத்தையும் ஒரே ஆள் எழுதியதாக எடுத்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்கிறது.

ஆகவே முதல் வேலை, ஓசிஆர் தந்த பிரதியைத் தாளின் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவது. பிரதி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். தாளில் இருப்பது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பிரதி தாளை விடச் சுத்தமாக இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

ஓசிஆர் பிழை என்றால் எழுத்து மாறிப்போவதுதானே? அது எப்படிப் பிரதியைச் சுத்தமாக்கும்?

ஓசிஆர் இரண்டு விதமாகத் தவறும். டிடெக்டர் முடிவை இந்த இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதால், பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்தது. எழுத்தின் வடிவத்தை மட்டும் நம்பிப் படிக்கும் ஓசிஆர், புள்ளியைத் தவறவிடும், துணைக்காலை ‘ர’ என்று படிக்கும், ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பும். பிரதியில் அர்த்தமற்ற சொற்கள் நிறைந்துவிடும். இதைக் கரடுமுரடான பிழை என்று சொல்லலாம்.

இரண்டாம் வகை, ஊகத்தால் வரும் பிழை. கையெழுத்தைப் படிக்க இப்போது பயன்படும் பெரும்பாலான கருவிகளுக்குள் ஏதோ ஒரு மொழி மாதிரி இருக்கிறது. படத்தில் எழுத்து தெளிவில்லை என்றால், ‘இந்த இடத்தில் எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம்?’ என்று அது கணக்குப் பார்த்து நிரப்பும். படத்தையே நேரடியாகப் படிக்கும் பெரிய ஏஐ மாதிரிகளில் இந்தப் பழக்கம் இன்னும் வலுவானது. மாணவர் செய்த இலக்கணப் பிழையைத் திருத்திவிடும், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கிவிடும், சில நேரம் வாக்கியத்தையே மாற்றிக் கட்டிவிடும். பார்க்கும் கண்ணுக்குப் பிழையே தெரியாது.

முதல் வகை, ஏஐ எழுதியதை மனிதர் எழுதியதாகக் காட்டக்கூடியது. இரண்டாம் வகை, மனிதர் எழுதியதை ஏஐ எழுதியதாகக் காட்டக்கூடியது. நான் அதிகம் அஞ்சுவது இரண்டாவதைத்தான். அதில் நிரபராதி மாட்டிக்கொள்கிறார். பிரதியில் தடயமும் இருப்பதில்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்ட முடியுமா?

ஆவியாதல் பற்றிய ஒரு விடையில் மாணவர் தாளில் எழுதியது இது என்று வையுங்கள்:

> நீரின் மேற்பரப்பில் உள்ள வேகமான மூலக்கூறுகள் வெளியேறுகிறது. அதனால மிச்சம் இருக்கிற தண்ணி குளிர்ந்து போகுது

பன்மை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலை. முதல் வாக்கியம் பாடப்புத்தக நடை, இரண்டாவது வாக்கியம் பேச்சு. முடிவில் முற்றுப்புள்ளி இல்லை. நேர நெருக்கடியில் ஒருவர் தானாக எழுதினால் இப்படித்தான் வரும்.

வடிவத்தை மட்டும் படிக்கும் ஓசிஆர் இதை இப்படித் தரலாம்:

> நீரின் மேற்பரப்பில உள்ள வேகமரன மூலக்கூறுகள் வெளியேறுகிறது அதனால மிச்சம் இருக்கிற தண்ணி குளிர்நது பொகுது

பன்னிரண்டு சொற்களில் நான்கு சிதைந்திருக்கின்றன. இரண்டு இடத்தில் புள்ளி போயிற்று, ‘மா’ என்பது ‘மர’ ஆயிற்று, ‘போ’ குறிலாயிற்று. நடுவில் இருந்த முற்றுப்புள்ளியும் காணோம். ஆனாலும் மாணவரின் நடை அப்படியே நிற்கிறது. ‘வெளியேறுகிறது’ என்ற பிழையும் ‘தண்ணி’யும் இருக்கின்றன.

மொழி மாதிரி உள்ள கருவி இப்படித் தரலாம்:

> நீரின் மேற்பரப்பில் உள்ள வேகமான மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. இதனால் மீதமுள்ள நீர் குளிர்ச்சியடைகிறது.

பத்துச் சொற்கள். முதல் ஐந்து மாணவருடையவை. மீதி ஐந்தும் தாளில் இல்லாதவை. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாததால், பிரதியைச் சரிபார்ப்பவர் இதைத்தான் ‘நல்ல ஓசிஆர்’ என்று தேர்ந்தெடுப்பார். தாளோடு ஒப்பிட்டால் இரண்டில் மோசமான பிரதி இதுதான். இதை டிடெக்டரில் போடும்போது, பாதி அளவு ஒரு மொழி மாதிரி எழுதிய வாக்கியத்தைக் கொடுத்து ‘மொழி மாதிரி எழுதியதா?’ என்று கேட்கிறோம். ‘ஆம்’ என்று வந்தால் அதில் வியப்பில்லை.

நாலைந்து எழுத்து மாறினால் டிடெக்டர் எண் அவ்வளவு மாறிவிடுமா?

மாறும். பல டிடெக்டர்கள் நேராகவோ மறைமுகமாகவோ பயன்படுத்தும் அளவை பர்ப்ளெக்சிட்டி. ஒவ்வொரு சொல்லும் ஒரு மொழி மாதிரிக்கு எவ்வளவு எதிர்பாராததாக இருந்தது என்பதன் சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது அது. எண் குறைவு என்றால் எளிதில் ஊகிக்கக்கூடிய எழுத்து, எனவே ஏஐ எழுதியிருக்கலாம் என்பது டிடெக்டரின் வாதம்.

கணக்குப் புரிய ஓர் எடுத்துக்காட்டு. ஒரு விடையில் 100 டோக்கன்கள், அதாவது மொழி மாதிரி எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டுகள், இருக்கின்றன. சரியாக எழுதிய சொல் ஒவ்வொன்றும் ஒரு டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் சராசரி வியப்பு மதிப்பு 2.5 என்று கொள்வோம். பர்ப்ளெக்சிட்டி என்பது e-இன் 2.5ஆம் அடுக்கு, அதாவது சுமார் 12. இப்போது ஐந்து சொற்களை மட்டும் ஓசிஆர் சிதைக்கிறது. சிதைந்த சொல் மாதிரியின் சொற்பட்டியலில் இருக்காது என்பதால் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொன்றும் நான்கு துண்டாகி, துண்டுக்கு 7 வியப்பு என்று வைத்தால், மொத்தம் 95 × 2.5 + 20 × 7 = 377.5. டோக்கன்கள் இப்போது 115. சராசரி 3.28, பர்ப்ளெக்சிட்டி சுமார் 27. ஐந்தே சொற்களில் எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இது சராசரியை வைத்துப் போடும் கணக்கு என்பதால்தான் இப்படி. சில சொற்களின் மிகப்பெரிய மதிப்பு மற்ற எல்லாவற்றையும் இழுத்துச் சென்றுவிடும். ஏஐ எழுதித் தந்ததை ஒருவர் கையால் பார்த்து எழுதியிருந்தாலும், ஸ்கேன் மங்கலாக இருந்தால் போதும், ‘மனிதர்’ என்று வந்துவிட வாய்ப்புண்டு.

எதிர்த்திசையில் இழுப்பதும் இதே கணக்குதான். மாணவரின் ‘தண்ணி’, ‘போகுது’, ‘வெளியேறுகிறது’ போன்றவைதான் அவருடைய எழுத்தில் அதிக வியப்பு மதிப்பு கொண்ட இடங்கள். அவற்றை எதிர்பார்த்த சொற்களால் மாற்றினால் சராசரியை உயர்த்தி வைத்திருந்த இடங்களே போய்விடும்.

எல்லா டிடெக்டரும் பர்ப்ளெக்சிட்டியைக் கொண்டு இயங்குவதில்லை. ஏஐ எழுத்தையும் மனித எழுத்தையும் காட்டிப் பயிற்றுவித்த வகைப்படுத்திகளும் உண்டு. அவற்றின் பயிற்சித் தரவு பெரும்பாலும் தட்டச்சான எழுத்தாகவே இருக்கும். சிதைந்த ஓசிஆர் பிரதி போன்ற ஒன்றை அவை பார்த்தே இராவிட்டால், எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கள் ஓசிஆரில் எழுத்துப்பிழை நூற்றுக்கு இரண்டுதான் என்கிறார்கள். அது போதாதா?

படித்துப் புரிந்துகொள்ளப் போதும். டிடெக்டருக்கும் ஒப்புமைச் சோதனைக்கும் போதாது. எழுத்துக் கணக்கில் சொல்லும் பிழை விகிதம், சொல் கணக்கில் பல மடங்காகிறது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு சொல்லுக்குச் சராசரி 8 யூனிகோடு குறியீடுகள் என்று வைத்துக்கொண்டால், எட்டும் சரியாக வரும் வாய்ப்பு 0.98-இன் 8ஆம் அடுக்கு, அதாவது 0.85. எனவே நூறு சொல்லுக்குப் பதினைந்து சொல் ஏதோ ஒரு விதத்தில் பிழையாகிறது.

அதற்கு மேல் ஒரு படி உண்டு. நகலெடுப்பைக் கண்டுபிடிக்கும் ஒப்புமைக் கருவிகள் பல, அடுத்தடுத்த சொற்களைக் கொத்தாக எடுத்துத் தேடுகின்றன. ஐந்து சொல் கொத்து என்றால், கொத்து முழுதும் பிழையின்றித் தப்பும் வாய்ப்பு 0.85-இன் 5ஆம் அடுக்கு, 0.44. அப்படியே பார்த்து எழுதிய விடையில்கூடப் பாதிக்கு மேற்பட்ட கொத்துகள் பொருந்தாமல் போகும். நூற்றுக்கு இரண்டு என்று தொடங்கிய பிழை இங்கே வந்து நிற்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழைகள் தாள் முழுதும் சமமாகப் பரவியிருக்கும் என்று கொண்ட கணக்கு இது. நிஜத்தில் மை கசிந்த இடத்திலும், மடிப்பிலும், கடைசிப் பக்கத்து அவசர எழுத்திலும் பிழைகள் குவியும். அதனால் மொத்தப் பாதிப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் அந்தக் குவிந்த பத்தி மட்டும் முற்றிலும் சிதைந்திருக்கும். பத்தி பத்தியாக நிறம் பூசிக் காட்டும் டிடெக்டரில் இது மிகவும் தவறான எண்ணத்தைத் தரும். முதல் பக்கம் ‘ஏஐ’, கடைசிப் பக்கம் ‘மனிதர்’ என்று வந்தால், ஆள் மாறிவிட்டார் என்று நினைப்பதற்கு முன் கையெழுத்து எங்கே மோசமாகிறது என்று பாருங்கள்.

தமிழ் கையெழுத்தில் குறிப்பாக எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

துணைக்காலும் ‘ர’வும்தான் முதலில். பலர் கையெழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடே இராது. ‘வேகமரன’ என்று வந்தால் பிழை என்று உடனே தெரியும். ‘காடு’ என்பது ‘கரடு’ ஆனால், ‘காடி’ என்பது ‘கரடி’ ஆனால், சொல்திருத்திகூடப் பிடிக்காது, இரண்டுமே சரியான சொற்கள். அடுத்தது புள்ளி. வேகமாக எழுதுபவர்கள் அதைத் தள்ளி வைப்பார்கள், அல்லது வைக்கவே மாட்டார்கள். ஸ்கேனரின் தூசு நீக்கும் வசதியும் சின்னப் புள்ளிகளைத் துடைத்துவிடும். பிறகு ெ, ே வேறுபாடு, ி, ீ வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமும் உண்டு. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. பிரதியை t என்ற மாறியில் வைத்துக்கொண்டால் இதை ஒரு வரியில் சரிசெய்யலாம்:

```python
import unicodedata
t = unicodedata.normalize("NFC", t)
```

ஆனால் ‘கௌ’ என்பதைக் கொம்பு, க, ‘ள’ என்று ஓசிஆர் பிரித்துப் போட்டிருந்தால் இந்த வரி அதைத் தொடாது. ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ௧, ‘அ’ இடத்தில் ௮, ‘உ’ இடத்தில் ௨, ‘எ’ இடத்தில் ௭ என்று வந்திருந்தாலும் மாறாது. இவை வடிவத்தில் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் படித்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். பிரதியில் இந்த நான்கு எண்களைத் தேடல் வசதியில் போட்டுப் பாருங்கள். தமிழ் எண்ணில் யாரும் விடை எழுதாத தாளில் ஒன்று கிடைத்தாலும், டிடெக்டர் படித்தது நீங்கள் படிக்கும் எழுத்தை அல்ல என்று பொருள்.

அடித்துத் திருத்திய இடங்கள், வரிக்கு மேலே சொருகிய சொற்கள் எல்லாம் என்ன ஆகும்?

வடிவம் படிக்கும் கருவி அடித்த சொல்லையும் சேர்த்துப் படிக்கப் பார்க்கும். குப்பை எழுத்துகள் வரும். சொருகிய சொல் தனி வரியாகி, சம்பந்தமில்லாத வாக்கியத்துக்கு நடுவே போய் உட்காரும். ஊகிக்கும் கருவி அடித்ததை மொத்தமாக விட்டுவிட்டுச் சொருகியதை ஒழுங்காகப் பொருத்திவிடும். யோசித்து, தடுமாறி, மாற்றி எழுதியதற்குத் தாளில் இருந்த அத்தனை சான்றும் பிரதியில் மறைந்துபோகும்.

முற்றுப்புள்ளியும் இதோடு சேர்ந்தது. வாக்கிய நீளம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் சில டிடெக்டர்கள் பார்க்கின்றன. முற்றுப்புள்ளிகள் தொலைந்து மூன்று வாக்கியம் ஒன்றானால் ஏற்ற இறக்கம் செயற்கையாகக் கூடும். தாளின் ஒவ்வொரு வரியையும் தனி வாக்கியமாக எடுத்துக்கொண்டால் எல்லாமே ஏறத்தாழ ஒரே நீளமாகிவிடும். அது ‘ஏஐ’ பக்கம் தள்ளும்.

அப்படியானால் டிடெக்டரில் போடுமுன் பிரதியைச் சொல்திருத்தியில் ஓட்டிவிடலாமா?

கூடாது. ஓசிஆர் செய்த பிழையையும் மாணவர் செய்த பிழையையும் அது பிரித்தறியாது, இரண்டையும் திருத்தும். கரடுமுரடான பிழையை நீக்கப் போய் ஊகப் பிழையை உள்ளே கொண்டுவருவதாக முடியும்.

ஒரு ஆளை வைத்துத் தட்டச்சு செய்தால் தீர்ந்ததா?

பெரும்பாலும் தீரும், ஒரு நிபந்தனையோடு. நல்ல தட்டச்சாளருக்குக் கை தானாகவே திருத்தும். ‘வெளியேறுகிறது’ என்று கண் பார்த்தாலும் விரல் ‘வெளியேறுகின்றன’ என்று அடித்துவிடும். ‘பிழை உட்பட அப்படியே அடிக்கவும், படிக்க முடியாத இடத்தில் [தெளிவில்லை] என்று போடவும்’ என்று எழுத்தில் சொல்லிக் கொடுங்கள். ஊகித்து நிரப்பாமல் இடைவெளி விடுவதே இங்கே சரியான வேலை.

எங்கள் ஸ்கேன் இந்தச் சிக்கலில் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இரண்டு சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, சந்தேகத்துக்குள்ளான அந்த ஒரு தாளுக்கு. அதே பக்கத்துக்கு மூன்று பிரதிகள் தயார் செய்யுங்கள்: வடிவம் படிக்கும் ஓசிஆர் தந்தது, ஊகிக்கும் கருவி தந்தது, மேலே சொன்னபடி ஆள் அடித்தது. மூன்றையும் அதே டிடெக்டரில் போடுங்கள். மூன்றும் ஒரே முடிவைச் சொன்னால் ஓசிஆரைக் குறை சொல்ல முடியாது. ஒன்று ‘ஏஐ’ என்றும் இன்னொன்று ‘மனிதர்’ என்றும் சொன்னால், டிடெக்டர் அளந்தது படியெடுத்த விதத்தை. மாணவரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது, மொத்த ஏற்பாட்டுக்கும். கண்காணிப்பில், எந்தக் கருவியும் இல்லாமல் எழுதப்பட்ட பழைய விடைத்தாள்களை எடுத்து, அதே ஸ்கேனர், அதே ஓசிஆர், அதே டிடெக்டர் வழியாக அனுப்புங்கள். எத்தனை தாள் ‘ஏஐ’ என்று வருகிறதோ அது உங்கள் ஏற்பாட்டின் பொய்க் குற்றச்சாட்டு விகிதம். டிடெக்டர் நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் விகிதம் தட்டச்சான எழுத்துக்கானது. உங்கள் ஸ்கேனுக்கு அது பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. இங்கே எண்ணிக்கையில் ஏமாந்துவிடக் கூடாது. 50 தாள் அனுப்பி ஒன்றுகூட மாட்டவில்லை என்றாலும், உண்மை விகிதம் நூற்றுக்கு 6 வரை இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் உறுதி. 300 தாளில் ஒன்றும் மாட்டாதபோதுதான் அந்த எல்லை நூற்றுக்கு 1 ஆகிறது.

எளிமையாக எழுதும் மாணவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள் போலத் தெரிகிறதே?

அப்படி ஆக வாய்ப்பு இருக்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஏஐ என்று தவறாகக் குறிக்கப்பட்டன. குறைந்த சொல்வளத்தில் எழுதினால் பர்ப்ளெக்சிட்டி இயல்பிலேயே தாழ்ந்திருக்கும், அதுதான் காரணம். அப்படிப்பட்டவர் ஏற்கெனவே எல்லைக் கோட்டின் அருகில் நிற்கிறார். ஓசிஆர் அவருடைய நான்கு பிழைகளைத் திருத்திவிட்டால் கோட்டைத் தாண்ட அதுவே போதும்.

விடை சிறியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓபன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் டிடெக்டரை, 1,000 எழுத்துக்குக் குறைந்த உரையில் நம்ப முடியாது, ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளில் பயன்படுத்த வேண்டாம் என்று தானே எச்சரித்தது. அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் குறைவு என்று சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐந்து மதிப்பெண் விடை அந்த நீளத்தைத் தொடாமலே போகலாம்.

விசாரணை என்று வந்தால் எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும்?

மூலத் தாள். ஸ்கேன் படம், சுருக்காமல், 300 டிபிஐ அளவிலாவது. ஓசிஆர் தந்த பிரதி, யாரும் கை வைப்பதற்கு முந்தைய நிலையில். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, ‘தானாகத் திருத்து’ போன்ற வசதி இயங்கியதா என்ற குறிப்பு. ஊகிக்கும் கருவி என்றால், அதற்கு என்ன கட்டளை கொடுத்தீர்கள் என்பதும் வேண்டும். ‘படித்துத் தெளிவாக எழுதித் தா’ என்று கேட்டிருந்தால், திருத்தச் சொன்னதே நீங்கள்தான் என்றாகிவிடும்.

மாணவரிடம் பேசும்போது டிடெக்டர் படித்த பிரதியை அவர் கையில் கொடுங்கள், எண்ணை மட்டும் காட்டாதீர்கள். ‘இந்தச் சொல் நான் எழுதவில்லையே’ என்று அவர் ஓர் இடத்தைச் சுட்டினால், தாளை எடுத்து அந்த வரியைப் பாருங்கள். அவர் சொல்வது சரி என்றால் அந்த டிடெக்டர் முடிவைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். சரியான பிரதியை வைத்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.